நெரிசலின் வால் எங்கே நகரும்?

1848-இல் கேம்பிரிட்ஜின் வானியல் பேராசிரியர் ஜேம்ஸ் சாலிஸ் ஒரு சங்கடமான கணக்கை அச்சில் வெளியிட்டார். காற்றில் ஒலி அலை எப்படிப் போகிறது என்பதற்கு பிரான்ஸின் புவாசோன் 1808-லேயே ஒரு விடை எழுதிவைத்திருந்தார். சாலிஸ் அந்த விடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நகர்த்திப் பார்த்தார். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே இடத்தில், ஒரே கணத்தில், காற்று அசையாமல் நிற்கிறது என்றும் உச்ச வேகத்தில் ஓடுகிறது என்றும் இரண்டு பதில்கள் வந்தன. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அப்படியானால் இத்தகைய தட்டையான அலைகளே இயற்கையில் இருக்க முடியாது என்று சாலிஸ் முடிவுகட்டினார்.

சாலிஸுக்கு வரலாற்றில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. 1846-இல் நெப்டியூனைத் தேடும் வேலை அவரிடம் இருந்தது. தொலைநோக்கியில் அது கண்ணில் பட்டும் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டார். ஒலி அலை விஷயத்திலும் அவருடைய முடிவு தவறுதான். ஆனால் அவர் கண்ட முரண்பாடு நிஜமானது. அதே ஆண்டு, அதே இதழில், 29 வயதான ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதற்குப் பதில் எழுதினார். சமன்பாடு முறிந்த இடத்தில் என்ன பிறக்கும் என்று முதலில் சொன்ன கட்டுரை அது. அந்தக் கட்டுரைக்குப் பின்னால் நேர்ந்த கதை தனி. அதற்குப் போகுமுன் அந்த முறிவையே கண்ணால் பார்க்க வேண்டும். காற்றில் அது புலப்படாது, சாலையில் புலப்படும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விதம் இருவரும் 1955-இல் இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். முதலாவது நீண்ட ஆறுகளில் வெள்ளம் இறங்குவதைப் பற்றியது. இரண்டாவது நெரிசலான நெடுஞ்சாலைகளைப் பற்றியது. அமெரிக்காவில் பால் ரிச்சர்ட்ஸ் தனியாக யோசித்து அடுத்த ஆண்டே அதே கோட்பாட்டை வெளியிட்டார். மூவரின் அடிப்படையும் ஒன்றுதான்: தனித்தனி வண்டிகளை மறந்துவிடு, சாலையை ஒரு ஓடையாகப் பார், ஒவ்வொரு இடத்திலும் கிலோமீட்டருக்கு எத்தனை வண்டி என்ற அடர்த்தியை மட்டும் கவனி.

அடர்த்தி தெரிந்தால் வேகமும் தெரியும் என்பது அவர்களின் துணிச்சலான அனுமானம். வழி காலியாக இருந்தால் ஓட்டுநர் மிதிப்பார். முன்னால் வண்டி நெருங்க நெருங்க வேகத்தைக் குறைப்பார். 1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையோரம் கேமரா வைத்துப் படமெடுத்து, அடர்த்தி கூடக் கூட வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குகிறது என்று கண்டார். இங்கே கணக்குக்கு வசதியாக முழு எண்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றை வரிசையில் வண்டிகள் போகும் சாலை. காலியாக இருக்கும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். முட்டி மோதி நிற்கும்போது கிலோமீட்டருக்கு 120 வண்டி, வேகம் பூஜ்யம். இடைப்பட்ட அடர்த்திகளுக்கு இந்த இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் போதும். அடர்த்தி k என்றால் வேகம் 60 − k/2.

ஒரு மணி நேரத்தில் ஓர் இடத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை, அதாவது ஓட்டம், அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும்: q = 60k − k²/2. அடர்த்தி 20 என்றால் வேகம் 50, ஓட்டம் மணிக்கு 1000 வண்டி. அடர்த்தி 60 என்றால் வேகம் 30-ஆகக் குறைந்தாலும் ஓட்டம் 1800-க்கு ஏறுகிறது. இந்தச் சாலையின் உச்சம் அதுதான். அடர்த்தி 80-இல் ஓட்டம் 1600-க்கு இறங்குகிறது, 120-இல் பூஜ்யம்.

இப்போது முக்கியமான கேள்வி. சாலையின் ஒரு பகுதியில் அடர்த்தி 20, அதற்கு முன்னால் 21 என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை எந்த வேகத்தில் நகரும்? வண்டிகள் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போவதால் எல்லையும் அதே வேகத்தில் போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. எல்லை என்பது ஒரு கோடு. அதன்மேல் வண்டியை நிறுத்திவைக்க இடம் கிடையாது. பின்பக்கத்திலிருந்து அதற்குள் எத்தனை வண்டி நுழைகிறதோ அத்தனையும் முன்பக்கம் வெளியேற வேண்டும். இந்த வரவு செலவு நேராக வேண்டுமானால் எல்லையின் வேகம், இருபக்க ஓட்டங்களின் வித்தியாசத்தை இருபக்க அடர்த்திகளின் வித்தியாசத்தால் வகுத்தது. 21-க்கு ஓட்டம் 1039.5, 20-க்கு 1000. வித்தியாசம் 39.5, வகுக்க 1. ஆக எல்லை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுகிறது. வண்டிகள் அதைவிட வேகமாகப் போய் எல்லையைக் கடந்து செல்கின்றன.

மிகச் சிறிய வித்தியாசங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு சுலபமான விதி கிடைக்கும். அடர்த்தி k என்ற மதிப்பு, சாலையில் c = 60 − k என்ற வேகத்தில் நகரும். இதையே சமன்பாடாக எழுதினால்

```
k_t + (60 − k) k_x = 0
```

நேரத்தோடு k மாறும் வீதம் முதல் உறுப்பு. இடத்தோடு மாறும் வீதம் இரண்டாவதில் இருக்கிறது. சுமந்து செல்லும் வேகம் எல்லா இடத்திலும் 40 என்று நிலையாக இருந்திருந்தால் கவலையே இல்லை. அடர்த்தியின் வடிவம் அப்படியே கசங்காமல் சாலையில் நகர்ந்துகொண்டே போயிருக்கும். இங்கே சுமக்கப்படும் மதிப்பே சுமக்கும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. நேரியலற்ற சமன்பாடு என்று இதைச் சொல்வது இதனால்தான். சிக்கல் முழுவதும் அந்த 60 − k-க்குள் இருக்கிறது.

ஒவ்வொரு மதிப்பும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாமல் போவதால், கிடைமட்டத்தில் இடத்தையும் செங்குத்தாக நேரத்தையும் வைத்து வரைந்தால் அதன் பாதை ஒரு நேர்கோடு. கணிதத்தில் இவை சிறப்பியல்புக் கோடுகள். k = 20-இன் கோடு 40 வேகத்தில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். k = 60-இன் கோடு நட்ட கம்பம் மாதிரி நேராக நிற்கும். k = 80-க்கு வேகம் −20; அதாவது வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்க, அந்த அடர்த்தி என்ற செய்தி 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. முன்னால் இருப்பவர் பிரேக் போட்டது பின்னால் இருப்பவருக்குத் தெரிவது இப்படித்தான்.

இனி ஒரு குறிப்பிட்ட நிலைமை. ஒரு கிலோமீட்டர் நீளத்தில் அடர்த்தி 20-லிருந்து 80-க்குச் சீராக ஏறுகிறது. அந்தத் துண்டுக்குப் பின்னால் எங்கும் 20, முன்னால் எங்கும் 80. ஒரு கிலோமீட்டரில் படிப்படியாக வேகம் குறைவது ஓட்டுநர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. எல்லாம் வழவழப்பாக இருக்கிறது.

துண்டின் தொடக்கத்தை பூஜ்யம் என்று வைத்தால், அங்கிருந்து கிளம்பும் 20-இன் கோடு 40 வேகத்தில் முன்னே வருகிறது. 1 கிலோமீட்டர் குறியிலிருந்து 80-இன் கோடு 20 வேகத்தில் பின்னே வருகிறது. 30 நொடியில் முதலாவது 333 மீட்டருக்கு வந்துவிடும். மற்றது 833 மீட்டருக்குப் பின்வாங்கிவிடும். ஒரு கிலோமீட்டராக இருந்த ஏற்றம் அரை கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. இரண்டும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன, இடைவெளி ஒரு கிலோமீட்டர். ஆகவே சரியாக ஒரு நிமிடத்தில், 667 மீட்டர் குறியில் சந்திக்கின்றன. நடுவில் இருந்த 30, 50, 70 எல்லாவற்றின் கோடுகளும் அதே புள்ளிக்குத்தான் வந்து சேர்கின்றன. ஏற்றம் நேர்கோடாக இருப்பதால் இந்த ஒற்றுமை. ஏற்றத்தின் முனைகளை வளைத்து மழுக்கியிருந்தால் கோடுகள் ஒரே புள்ளியில் கூடாமல் ஆப்பு வடிவத்தில் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கும். எங்கே ஏற்றம் மிகச் செங்குத்தோ அங்கே முதல் வெட்டு நேரும்.

ஒரு நிமிடத்துக்குப் பிறகும் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 90-ஆவது நொடியில் 750 மீட்டர் குறியைப் பாருங்கள். பின்னாலிருந்து வந்த கோடு அங்கே அடர்த்தி 20 என்கிறது. முன்னாலிருந்து வந்த கோடு 80 என்கிறது. ஏற்றத்தின் நடுவில், 500 மீட்டர் குறியில் கிளம்பிய கோடும் அங்கே வந்து 50 என்கிறது. ஓர் இடம், ஒரு நேரம், மூன்று பதில். சாலிஸ் கண்டது இதையேதான். கடற்கரையில் அலை முன்னே கவிழும்போது ஒரே இடத்துக்கு மேல் நீர், அதற்குக் கீழே காற்று, மறுபடி நீர் என்று மூன்று மட்டங்கள் இருக்க முடியும். சாலையில் வண்டி வண்டியின்மேல் கவிழ முடியாது.

ஏற்றத்தை இன்னும் மெதுவாக்கினால் தப்பிக்கலாமா? பத்துக் கிலோமீட்டருக்குப் பரப்பினால் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகும், அவ்வளவுதான். முன்னால் அடர்த்தி கூடிக்கொண்டு போகும் எந்த வடிவமும், எவ்வளவு மென்மையாகத் தொடங்கினாலும், ஒரு நாள் முறியும். இறங்கிக்கொண்டு போகும் வடிவத்தில் முன்னால் இருக்கும் கோடுகள் வேகமானவை என்பதால் அவை விலகிக்கொண்டே போகும்; அங்கே ஆபத்தில்லை.

ஸ்டோக்ஸ் 1848-இல் செய்தது என்னவென்றால், வளைவு முதன்முதலில் செங்குத்தாகும் நேரத்தைக் கணக்கிட்டார். அதற்குப் பிறகு அந்த விடையை நம்பக் கூடாது என்றார். ஆனால் விடை முடிந்துபோனதால் இயற்கையும் நின்றுவிடப் போவதில்லை, ஏதோ ஓர் இயக்கம் தொடரத்தான் வேண்டும். அது ஒரு திடீர் தாவலாக இருக்கலாம் என்றார். வழவழப்பான வடிவத்தைக் கைவிட்டுவிடு, இருபக்கமும் வெவ்வேறு மதிப்புகளோடு ஒரு கூர்மையான எல்லையை அனுமதி, அந்த எல்லையில் வரவு செலவு நேராகிறதா என்று மட்டும் பார்.

சாலையில் அந்த வரவு செலவை ஏற்கெனவே போட்டுவிட்டோம். 20-க்கும் 21-க்கும் நடுவில் செய்ததையே 20-க்கும் 80-க்கும் நடுவில் செய்தால் போதும். ஓட்டங்களின் வித்தியாசம் 1600 − 1000 = 600. அடர்த்திகளின் வித்தியாசம் 60. தாவல் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே நகரும். ஒரு நிமிடத்தில் 667 மீட்டரில் பிறந்த தாவல், 90-ஆவது நொடியில் 750 மீட்டரில் இருக்கும். மூன்று பதில்கள் வந்த அதே இடம். அந்த இடத்துக்குப் பின்னால் 20, முன்னால் 80. நடுவில் இருந்த 50 மறைந்துவிட்டது. இதுதான் அதிர்ச்சி அலை. 50 வேகத்தில் வரும் ஓட்டுநர் இந்த எல்லையைத் தொட்டதும் 20-க்கு இறங்க வேண்டும். முதல் நிமிடத்தில் வந்தவர்கள் படிப்படியாகக் குறைத்தார்கள். அடுத்த நிமிடத்தில் வருபவர்களுக்கு அந்த வசதி இல்லை. யாரும் விபத்தும் செய்யவில்லை, பாதையும் மறிக்கவில்லை. ஏற்றம் தானாகவே செங்குத்தாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது; பெரிய பெரிய ஆட்கள் அதில் கால் வைத்திருக்கிறார்கள். சமன்பாட்டை c-ஐ வைத்து எழுதினால் c_t + c c_x = 0 என்று இன்னும் அழகாக வரும். இதை இருபக்கமும் c-ஆல் பெருக்கினால் தப்பேதும் இல்லை. வழவழப்பான இடங்களில் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் பெருக்கிய வடிவம் c-இன் வர்க்கத்துக்கு வரவு செலவு எழுதுகிறது. தாவலில் அந்தக் கணக்கை நேராக்கினால் அதன் வேகம் 10 அல்ல, 40 என்று வருகிறது. இரண்டு கணக்கும் அதனதன் அளவில் சரி. எது உண்மை என்பதைச் சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. சாலையில் உண்மையில் அழியாமல் இருப்பது எது என்று கேட்க வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கை அழியாது. 60-லிருந்து அடர்த்தியைக் கழித்து வர்க்கித்தது அழியாமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே 10.

ஸ்டோக்ஸை வீழ்த்தியது இந்தக் கேள்விதான். காற்றில் வரும் தாவலுக்கு அவர் நிறை, உந்தம் இரண்டின் கணக்கையும் நேராக்கியிருந்தார். ஆற்றலின் கணக்கு நேராகவில்லை. 1877-இல் ரேலி இதைக் கடிதத்தில் சுட்டிக்காட்டினார். கெல்வினும் அதே கருத்தில் இருந்தார். ஸ்டோக்ஸ் ஒத்துக்கொண்டார். 1883-இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பின் இரண்டாம் பாகம் வந்தபோது, தாவலைப் பற்றிய பகுதியை அவரே வெட்டி எறிந்துவிட்டார்.

வெட்டியிருக்க வேண்டியதில்லை. காணாமல்போன ஆற்றல் எங்கும் ஓடிவிடவில்லை. தாவலுக்குள் அது வெப்பமாகிறது. ஸ்காட்லாந்தின் ரேங்கின் 1870-இலும் பிரான்ஸின் ஹ்யூகோனியோ 1887-ஐ ஒட்டியும் வெப்பத்தையும் சேர்த்துச் சரியான கணக்கை எழுதினார்கள். 1910-இல் ரேலியே பாகுநிலையையும் வெப்பக் கடத்தலையும் சேர்த்துத் தாவலை மறுபடி ஆராய்ந்தார். இன்று பாடப்புத்தகங்களில் தாவலின் வேகத்தைத் தரும் நிபந்தனைக்கு ரேங்கின்–ஹ்யூகோனியோ என்று பெயர். முதலில் எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஸ்டோக்ஸ் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்திருக்கலாம்.

வரவு செலவு நேரானால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது என்பதற்குச் சிக்னல் நல்ல சாட்சி. அடர்த்தி 20, வேகம் 50 என்று வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போது சிவப்பு விழுகிறது. கோட்டில் வண்டிகள் 120 அடர்த்தியில் அடைந்து நிற்கின்றன. வரிசையின் வால் ஓர் அதிர்ச்சி அலை. அதன் வேகம் (0 − 1000) / (120 − 20), அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர், பின்னோக்கி. ஒரு நிமிடச் சிவப்பில் வரிசை 167 மீட்டருக்கு நீள்கிறது, 20 வண்டி நிற்கிறது.

பச்சை விழுகிறது. கோட்டுக்கு முன்னால் சாலை காலி, அடர்த்தி 0, பின்னால் 120. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாவல் அப்படியே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலிச் சாலையில் ஓட்டம் 0. அடைந்து நிற்கும் வரிசையிலும் ஓட்டம் 0. வித்தியாசம் 0, எல்லையின் வேகமும் 0. பச்சை எரிகிறது, யாரும் நகரவில்லை, வரவு செலவு துளியும் பிசகவில்லை! கணக்குப்படி இதுவும் ஒரு முழுமையான விடை.

இதை விலக்கும் விதியை எளிய வடிவத்தில் சொன்னவர்களில் பீட்டர் லாக்ஸ் முக்கியமானவர். உண்மையான அதிர்ச்சி அலையில் சிறப்பியல்புக் கோடுகள் இருபக்கத்திலிருந்தும் வந்து அதற்குள் மோதி முடிய வேண்டும். அதிலிருந்து புறப்படக் கூடாது. 20-க்கும் 80-க்கும் நடுவில் பார்த்த தாவலில், பின்னால் 40 வேகக் கோடுகள் துரத்தி வந்து முட்டுகின்றன, முன்னால் −20 வேகக் கோடுகள் எதிரே வந்து முட்டுகின்றன. அது சரி. பச்சை விழுந்த சிக்னலில் முன்பக்கக் கோடுகள் 60 வேகத்தில் முன்னே ஓடுகின்றன, பின்பக்கக் கோடுகள் 60 வேகத்தில் பின்னே ஓடுகின்றன. தாவல் நடுவில் அநாதையாக நிற்கிறது. அதிலிருந்து செய்தி வெளியே போகிறது, உள்ளே எதுவும் வரவில்லை. வாயுக்களில் இந்த விதி என்ட்ரோபி குறையக் கூடாது என்ற வெப்ப இயக்கவியல் விதியோடு ஒத்துப்போவதால், கணிதத்திலும் இதற்கு என்ட்ரோபி நிபந்தனை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சரியான விடையில் தாவல் விசிறியாக விரிகிறது. 120 முதல் 0 வரை எல்லா அடர்த்திகளும் சிக்னல் கோட்டிலிருந்து தத்தம் வேகத்தில் கிளம்புகின்றன. கோட்டின்மேல் நிற்பது எது? வேகம் பூஜ்யமான கோடு, அதாவது அடர்த்தி 60. அங்கே ஓட்டம் 1800, சாலையின் உச்சம். இரண்டு நொடிக்கு ஒரு வண்டி வெளியேறுகிறது. சிக்னல் பொறியாளர்கள் ஒரு லேனுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்ணும் இதற்குப் பக்கத்தில்தான்.

இதற்கிடையில் வரிசையின் வாலைக் கவனிக்க வேண்டும். பச்சை விழுந்தது வாலுக்குத் தெரியாது. "கிளம்பலாம்" என்ற செய்தி 60 வேகத்தில் பின்னே வருகிறது, வாலோ 10 வேகத்தில் பின்னே போய்க்கொண்டே இருக்கிறது. செய்தி 167 மீட்டர் பின்தங்கித் தொடங்கி, 50 வேக வித்தியாசத்தில் துரத்தி, 12 நொடியில் பிடிக்கிறது. அதற்குள் வால் 200 மீட்டருக்குப் போயிருக்கும். பச்சை விழுந்த பிறகும் நான்கு வண்டிகள் வந்து முழுதாக நின்றுவிட்டுத்தான் கிளம்புகின்றன. முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே பிரேக் மிதிக்கும் அந்த நான்கு பேரின் எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

12-ஆவது நொடிக்குப் பிறகு வால் வலுவிழக்கிறது. விசிறியின் குறைந்த அடர்த்திகள் அதை அரிக்க, பின்வாங்குவது மெதுவாகி, நின்று, திரும்பி முன்னே நகரத் தொடங்குகிறது. கணக்கை முடித்தால் பச்சை விழுந்த 75-ஆவது நொடியில் அது சிக்னல் கோட்டைத் தாண்டுகிறது. நேர்வழியிலும் சரிபார்க்கலாம்: 60 நொடிச் சிவப்பும் 75 நொடிப் பச்சையும் சேர்ந்த நேரத்தில், மணிக்கு 1000 வீதம் வந்தவை 37.5 வண்டி, 75 நொடியில் மணிக்கு 1800 வீதம் போனவையும் 37.5. பச்சையை 60 நொடிக்கு வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் மீதி தங்கும், வால் சுற்றுக்குச் சுற்று நீண்டு அடுத்த சந்திப்பை எட்டிப்பிடிக்கும்.

இந்தக் கணக்கைக் கணினியில் போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சாலையைச் சிறு கட்டங்களாக வெட்டி, c_t + c c_x = 0 என்ற அழகான வடிவத்தை அப்படியே நிரலாக எழுதுவார்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் c மாறும் அளவை, அந்தக் கட்டத்தின் c-ஐ முந்தைய கட்டத்தோடுள்ள வித்தியாசத்தால் பெருக்கி எடுப்பார்கள். காலிச் சாலையில் 60 அடர்த்தியோடு ஒரு வண்டிக் கூட்டம் போகிறது, அதன் கடைசி வண்டி 30 வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். கூட்டத்துக்குள் c பூஜ்யம், பின்னால் காலியிடத்தில் c = 60. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். கூட்டத்துக்குள் எந்தக் கட்டமும் மாறாது. பின்னால் இருக்கும் கட்டங்களில் வித்தியாசமே இல்லை, அவையும் மாறா. திரையில் கூட்டத்தின் வால் கல்லாகச் சமைந்து நிற்கும். கட்டங்களை எவ்வளவு பொடியாக்கினாலும் நகராது. நிரலில் பிழைச் செய்தி வராது, வரைபடம் கூர்மையாகவும் அழகாகவும் இருக்கும், வேகம் மட்டும் தவறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே வந்த வண்டி, வெளியே போன வண்டி என்று ஓட்டத்தைக் கொண்டு எழுத வேண்டும். அப்படி எழுதிய முறை ஒரு விடையை நெருங்கினால், அந்த விடையில் தாவலின் வேகம் சரியாகவே இருக்கும் என்று லாக்ஸும் பர்ட்டன் வெண்ட்ராஃபும் 1960-இல் நிறுவினார்கள். நிரலைச் சோதிக்க எளிய வழி, சாலையில் உள்ள மொத்த வண்டிகளை ஒவ்வொரு அடியிலும் கூட்டிப் பார்ப்பது. வந்தது போனதற்கு மேல் எண்ணிக்கை மாறினால் அந்த வரைபடத்தை நம்ப வேண்டாம்.

இந்தச் சமன்பாட்டால் ஆகாததும் உண்டு. அதிர்ச்சி அலைக்கு அது தடிமனே தருவதில்லை. 50-லிருந்து 20-க்கு வண்டி ஒரே கணத்தில் இறங்குகிறது என்கிறது. நிஜத்தில் ஓட்டுநர் முன்னால் பார்த்து முன்கூட்டியே குறைப்பதால் தாவல் சில பத்து மீட்டருக்குப் பரவும். காற்றில் பாகுநிலை அந்த வேலையைச் செய்கிறது. அங்கே தடிமன் மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் சராசரித் தூரத்தின் சில மடங்குதான். பரவல் சிறிதாக இருக்கும் வரை தாவலின் வேகம் மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது இருபக்கத்து எண்கள் மட்டுமே.

இன்னொரு குறை பெரிது. ஒரே சீராகப் போகும் கூட்டத்தில் ஒரு சிறு தடுமாற்றம் வளர்ந்து பெரிய நெரிசலாகும் என்று இந்தச் சமன்பாடு ஒருபோதும் சொல்லாது. ஜப்பானில் யூகி சுகியாமாவும் சக ஆய்வாளர்களும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்படி சொன்னார்கள். 2008-இல் முடிவு வெளியானது. குறுகலும் இல்லை, சிக்னலும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சில கார்கள் முழுதாக நிற்க, அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வட்டமடித்தது. அதை விளக்க ஓட்டுநர் கண்ணால் பார்த்துக் காலால் மிதிப்பதற்குள் ஆகும் தாமதத்தையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நெரிசலின் வால் எங்கே போகும் என்பதற்கு 1955-இன் சமன்பாடு போதும். ஒன்றுமில்லாத இடத்தில் நெரிசல் ஏன் பிறந்தது என்பதற்குப் போதாது.

நம் ஊர்ச் சாலையில் 60, 120 என்ற எண்கள் அப்படியே பொருந்தா. இருசக்கர வண்டிகள் இடுக்கில் நுழைந்து முன்னே வந்துவிடும், ஒற்றை வரிசை என்பதே இல்லை. வேகத்தையும் அடர்த்தியையும் இணைக்கும் கோடு இங்கே வேறு வடிவம் எடுக்கும். வரவு செலவு மட்டும் மாறாது. சிக்னலுக்கு முன்னால் நடைமேம்பாலம் இருந்தால் அதில் ஏறி நின்று, சிவப்பு விழுந்ததும் வரிசையின் வால் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போக எத்தனை நொடி என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை வண்டி வருகிறது, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஓடும்போது எத்தனை, நிற்கும்போது எத்தனை என்றும் எண்ணுங்கள். வருகையை, நிற்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை கம்பம் என்று வாலின் வேகம் வரும். குறித்த நொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.